ஜலஜாவின் செவ்வாய்க்கிழமை மெசேஜ்

ஜலஜா எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் வந்தால் முதலில் யாரிடமும் பேசமாட்டாள். மருந்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, கால் இரண்டையும் நீட்டிக்கொள்வாள். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்துக் கிடக்கும். கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துவிட்டு, "ஹவ் சார், ஆமா, இன்னும் இருக்குதுங்க ரெண்டும்," என்பாள். அதற்கப்புறம்தான் மற்ற பேச்சு.

நான் அங்கே மருந்தாளுநர். சிவஞானம் என்று பெயர். மாத்திரையை எண்ணிக் கொடுப்பதும், தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியின் சூட்டைக் காலையும் மாலையும் பார்ப்பதும் என் வேலை. மீதி நேரத்தில் ஊரைத் திட்டுவேன். ஹைதராபாத் என்றால் எல்லோருக்கும் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. எங்கள் ஊர் ஜீடிமெட்லா தொழிற்பேட்டைக்கு வடக்கே, பஞ்சாயத்துக் கணக்கில் இன்னும் கிராமம். காற்று திரும்பினால் மருந்துக் கம்பெனி நாற்றம் வரும். நிலம் வைத்திருந்தவர்கள் வரிசையாக ஒற்றை அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டார்கள். பீகாரிகள், ஒடியாக்காரர்கள், ஸ்ரீகாகுளத்துக்காரர்கள், நம் திண்டிவனம், விழுப்புரத்து ஆட்கள் என்று எல்லோரும் அந்த அறைகளில் இருந்தார்கள்.

ஜலஜா ஊருக்கு ஆஷா பணியாளர். அரசாங்கத்தின் பார்வையில் அவள் ஊழியரும் இல்லை, ஊழியர் இல்லாதவளும் இல்லை. யாராவது முழுகாமல் இருந்தால் பதிவு செய்ய வேண்டும், சோதனைக்குக் கூட்டி வர வேண்டும், பிரசவத்துக்குக் கூடப் போக வேண்டும், பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் இழுத்து வர வேண்டும். அவள் பிறந்தது ஹைதராபாத்திலேயே, பட்டாளக் குடியிருப்புப் பக்கம் இருக்கும் லோத்குண்டாவில். அவளுடைய முப்பாட்டன் நம் தமிழ்ப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு வந்து தங்கியவர். ஆகவே தமிழ், தெலுங்கு, தக்கனி மூன்றும் அவள் வாயில் ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல் வரும். எந்த வாசலில் நின்றாலும் அந்த வீட்டு மொழியில் பேசுவாள். இந்த வேலைக்கு வேறு படிப்பே வேண்டாம் என்பது என் கருத்து.

புதன்கிழமை தடுப்பூசி நாள். கர்ப்பிணிகளுக்கான சோதனையும் அன்றைக்கே. அதனால் செவ்வாய்க்கிழமை முழுக்க அவள் வாசல் வாசலாக நடப்பாள். நாளைக்கு வாம்மா, மறக்காதே, அட்டையை எடுத்துக்கோ. பாதி வீடு பூட்டிக் கிடக்கும், மறுபடி சாயங்காலம் போக வேண்டும். நடந்து நடந்துதான் அந்தக் கால் அப்படி ஆனது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் எங்கள் டாக்டரின் அக்காள் மகன் ராஜீவ் வந்தான். மாதாப்பூர் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பையன். சமூகத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற காய்ச்சல் அவனுக்கு அந்த வருஷம் வந்திருந்தது. ஒரு செல்போனுக்குள் தானே எழுதிய புரோகிராமைப் போட்டு ஜலஜாவின் கையில் கொடுத்தான். கர்ப்பிணியின் பெயர், போன் நம்பர், கடைசியாகத் தீட்டு வந்த தேதி ஆகியவற்றைப் போட்டால் போதும். பிரசவ நாளை அதுவே கணக்குப் போடும். சோதனைக்கு எப்போது வர வேண்டும், ரணஜன்னி ஊசி எப்போது என்று அதுவே வைத்துக்கொள்ளும். பிள்ளை பிறந்த தேதியைப் போட்டால் ஆறு வாரம், பத்து வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று ஊசி நாட்களுக்குத் தாவிவிடும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மறுநாள் வர வேண்டியவர்களுக்கெல்லாம் மெசேஜ் போகும். ஒவ்வொரு மெசேஜுக்கும் 'அனுப்பலாமா' என்று அந்தப் போன் கேட்கும், அவள் ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்தக் காலத்துப் போன்களில் தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் ஆங்கில எழுத்திலேயே தெலுங்கும் இந்தியும் தமிழும். 'வணக்கம், நாளை புதன், செக்கப் உண்டு, வரவும்.' ஜலஜாவுக்கு ஒரே சந்தோஷம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே ஊரை எல்லாம் கூப்பிட்டுவிட்டாள். "கைக்கு சார், ஏன்தான் இவ்ளோ நாளு நடந்தேன்?" என்று கேட்டாள். கம்பெனியிலிருந்து நாலு பேர் வந்து அவளைப் போனோடு நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் கால்களைப் படம் எடுக்கவில்லை.

மெசேஜ் வந்தால் வருகிறவர்கள் வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா வீட்டிலும் போன் புருஷன் சட்டைப்பையில் இருக்கும், அவன் ஷிப்டில் இருப்பான். இருந்தாலும் முன்னைக்கு இப்போது கூட்டம் அதிகம்தான். அதில் வர்ஷினி தனி. திண்டிவனத்துப் பெண், இருபத்திரண்டு வயது, பிளஸ் டூ முடித்தவள். புருஷன் பாலா ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தான். அவளுக்கு அம்மா இல்லை, ஆகையால் தலைப்பிரசவத்துக்குப் போகப் பிறந்த வீடும் இல்லை. அவளிடம் சொந்தமாகப் போன் இருந்தது. மெசேஜ் போன மறுநிமிஷம் 'சரி அக்கா' என்று பதில் வரும். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். மெசேஜ் இல்லாத வாரம் வரமாட்டாள், இருக்கும் வாரம் தவறமாட்டாள். ஜலஜா அவளைக் காட்டித்தான் மற்றவர்களை வைவாள். "அதப் பாரு, எங்க வர்ஷினி போன்ல அலாரம் வச்ச மாதிரி வருது."

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் அவளுக்குக் கால் வீங்கியது, ரத்த அழுத்தம் ஏறியது. நர்ஸ் ஸ்டெல்லா பார்த்தவுடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஜலஜாவும் கூடப் போனாள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே போய்விட்டிருந்தது. பையன். இரண்டு நாள் கழித்து ஜலஜா வந்து, செருப்பைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தாள். அன்றைக்குத் தன் கால்களைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை.

அன்று செவ்வாய்க்கிழமை. புரோகிராமுக்கு ஒன்றும் தெரியாது. அதன் கணக்கில் வர்ஷினிக்கு மறுநாள் சோதனை. அதை விட்டுவைத்தால், பிரசவ நாள் தாண்டியதும் பிள்ளை பிறந்துவிட்டதாக அதுவே எடுத்துக்கொண்டு, ஆறாம் வாரம் 'உங்கள் குழந்தைக்கு நாளை ஊசி' என்று அனுப்பும். அது ராஜீவ் செய்த ஏற்பாடு. பலர் பிரசவத்தைச் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறார்கள், அவர்கள் பிள்ளைகளுக்கு ஊசி தவறக்கூடாது என்று நல்லதை நினைத்துத்தான் செய்தான். ஜலஜா அந்தப் போனை என்னிடம் நீட்டினாள். வர்ஷினியின் பெயருக்குக் கீழே இரண்டே வழி இருந்தது. ஒன்று, குழந்தை பிறந்தது, தேதி போடு. மற்றது, பெயரை முடி. ஊரை விட்டுப் போனவள், கரு கலைந்தவள், செத்தவள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே 'முடி'. பிள்ளை போய், தாய் இருக்கிறாள் என்பதற்கு அதில் இடமில்லை. பிள்ளை பெறாத பையன் எழுதிய புரோகிராம், வேறென்ன இருக்கும்.

"அந்தப் பொண்ணுக்கு இந்த மெசேஜ் போவக்கூடாது சார். பாவம், தாங்காது," என்றாள் ஜலஜா. பெயரை முடித்தாள். மெசேஜ் நின்றது. அந்த வாரம் அவள் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று இரண்டு பேருமே நினைத்தோம்.

வர்ஷினி வீடு திரும்பினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில், அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட வேண்டும், பக்கத்து சுகாதார நிலையத்தில் அடிக்கடி அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு ஜலஜா ஆறு வாரத்துக்குப் பல முறை போய்ப் பார்ப்பது வழக்கம். பிள்ளை இல்லாவிட்டாலும் தாயைப் பார்க்கத்தான் வேண்டும், விதியும் அதுதான். போகத்தான் கிளம்பினாள். வர்ஷினியின் அறை இருந்த வரிசையின் முனை அறையில் கல்பகம் இருந்தாள். மருமகளின் முதல் பிரசவத்துக்காக விழுப்புரத்திலிருந்து வந்து தங்கியிருந்த மாமியார். மருமகளுக்கு ஏழாம் மாதம். கல்பகம் ஜலஜாவை வழியிலேயே நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகவே சொன்னாள். அந்த வாசப்படியை மிதித்த காலோடு எங்கள் வீட்டுக்கு வராதே அம்மா, தீட்டு கழியட்டும், எங்கள் பெண் வயிற்றைத் தொடுகிற கை அது. பக்கத்து அறைகளிலும் அதே பேச்சு. பீகாரிப் பெண்கள் அதையே இந்தியில் சொன்னார்கள். அந்த வரிசையில் மட்டும் ஆறேழு கர்ப்பிணிகள். ஒரு வீட்டுக்குப் போய் அத்தனை வீட்டையும் இழப்பதா என்று ஜலஜா யோசித்தாள். எந்த முகத்தோடு அந்தப் பெண்ணைப் பார்ப்பது என்றும் தயங்கினாள். எனக்கு அப்புறம் தெரிந்த உண்மை இன்னொன்று உண்டு. அவள் களைத்திருந்தாள். மெசேஜ் போகிற இடத்துக்கே இப்போதெல்லாம் நடப்பதில்லை. மெசேஜ் போகாத இடத்துக்குக் கால் தானாகப் போகுமா?

செவ்வாய்க்கிழமை வந்தது. போன் கேட்டது, ஜலஜா ஆம், ஆம் என்று அழுத்தினாள். வர்ஷினி பெயர் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஜலஜா பொவன்பள்ளி மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எதிரே மருந்துக் கடையில் பாலா நின்றிருந்தான். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தான். யாருக்கு என்று கேட்டாள். அவளுக்குத்தான் அக்கா, மூணு நாளா தலை வலிக்குது, அழுது அழுது கண்ணு கூட மங்கலா தெரியுதுன்றா என்றான். ஆஸ்பத்திரி மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று கேட்டாள். அது என்றைக்கோ தீர்ந்துவிட்டதாம்.

காய்ப்பையை மருந்துக் கடைத் திண்டிலேயே வைத்துவிட்டு ஜலஜா நடந்தாள். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினாள் என்றுதான் பாலா சொன்னான். கல்பகம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாளாம். ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம். ஜலஜா நிற்கவில்லை.

வர்ஷினி பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. மேல் வயிற்றிலும் வலி. ஜலஜாவைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். ஜலஜா 108-க்குப் போன் செய்தாள், அவளைத் தூக்கி நிறுத்திச் சேலையைச் சரிசெய்தாள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு நிமிஷம் என்று எங்களிடம் கொண்டுவந்தாள். ஸ்டெல்லா ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தாள். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து. பிரசவத்துக்குப் பிறகும் இந்த அழுத்தம் ஏறும், ஜன்னி வந்து ஆளையே கொண்டுபோகும், பலர் இதை நம்பமாட்டார்கள். டாக்டர் ஜன்னி வராமல் தடுக்கும் ஊசியைப் போட்டார். அலமாரியிலிருந்து மருந்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஊசி போடும்போது ஜலஜா அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏன் கண்ணு வரலை, ஒரு போனாவது பண்ணியிருக்கலாமே என்று கேட்டாள். திட்டுவது போலத்தான் கேட்டாள்.

"மெசேஜ் வரலைக்கா," என்றாள் வர்ஷினி. "எப்பவும் வருமே. இந்த வாட்டி வரலை. கொழந்தையும் இல்ல, இனிமே எனக்கு ஒண்ணும் இல்ல போலன்னு நெனச்சிட்டேன்."

ஆம்புலன்ஸில் ஜலஜா ஏறிக்கொண்டாள். நான் கவுண்டருக்குத் திரும்பி, வரிசையில் நின்றவர்களுக்கு மாத்திரை கொடுத்தேன். யாருக்கு எத்தனை கொடுத்தேன் என்று இப்போது கேட்டால் தெரியாது.

அவள் பிழைத்தாள். நாலைந்து நாளில் அழுத்தம் இறங்கி, வேறு மாத்திரையோடு வீட்டுக்கு வந்தாள். ஜலஜா ராஜீவுக்குப் போன் செய்தாள். அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான், அடுத்த பதிப்பில் மூன்றாவது வழி வைக்கிறேன் என்றான். முடித்த பெயரை மறுபடி திறக்க முடியுமா என்று கேட்டாள். இப்போதைக்கு முடியாதாம். புதிதாகப் பதிவு செய்தால் புதுக் கர்ப்பம் என்று எடுத்துக்கொள்ளுமாம். "நக்கோ தம்பி, வேணாம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை போன் கேட்டதற்கெல்லாம் ஆம் சொல்லி முடித்துவிட்டு, தன் சொந்தப் போனை எடுத்து, பொத்தானைத் தேடித் தேடி வர்ஷினிக்குத் தனியாக ஒரு மெசேஜ் அடித்தாள். 'நாளை புதன். உனக்கு பிபி பார்க்க வேண்டும். வரவும். ஜலஜா.' மறுநிமிஷம் பதில் வந்தது. 'சரி அக்கா.'

புதன்கிழமை வராந்தா முழுக்கப் பிள்ளைகள். எல்லாம் ஒரே நேரத்தில் அழும் நாள் அது. வர்ஷினி வந்து தூரமாக, வேப்பமரத்தடியில் நின்றாள். அவளைப் பார்த்ததும் பெண்கள் பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். கல்பகம் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், மருமகளை எழுப்பி மறுபக்கம் உட்கார வைத்தாள். எனக்கு வந்த கோபத்தில் கவுண்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் வயதான ஆம்பிளை அங்கே என்ன சொல்வது?

ஜலஜாதான் பெஞ்சிலிருந்து எழுந்தாள். மரத்தடிக்குப் போய் வர்ஷினியின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு நடுவே கூட்டி வந்தாள். ஸ்டெல்லாவின் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்து, பட்டை கட்டத் தோள் வரை ஜாக்கெட்டைத் தள்ளிவிட்டாள். கல்பகம் எழுந்துவிட்டாள். இந்தக் கையால் எங்கள் பெண்ணைத் தொடக்கூடாது என்று சொன்னாள். இந்தத் தடவை தண்ணீர் கொடுத்துச் சொல்லவில்லை.

ஜலஜா சத்தம் போடவில்லை. சத்தம் போட அவளிடம் தெம்பும் இல்லை.

"இந்தக் கைதாம்மா இருக்குது எங்கிட்ட," என்றாள். "இதால இவளையும் பிடிப்பேன், உங்க மருமகளையும் பிடிப்பேன், நாளைக்கு உங்க பேரனுக்கு ஊசி போட்டா தொடையையும் பிடிப்பேன். உங்க மருமகளுக்கும் போன வாரம் காலு வீங்கியிருந்துச்சு. அவளுக்கு ஒண்ணுன்னா நான் அப்பவும் வாசப்படி பார்க்காம வருவேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க, வீட்டுக்குப் போங்க."

கல்பகம் போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். மருமகளின் முறை வந்தபோது அவளே மருமகளின் சேலையை லேசாகத் தூக்கி, பாதத்தை ஸ்டெல்லாவிடம் காட்டினாள். மனசு மாறிவிட்டது என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். பயம் பக்கம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அதுவும் போதும்.

அதற்குப் பிறகு வாரா வாரம் வர்ஷினிக்குச் சொந்தப் போனிலிருந்து மெசேஜ் போனது. ஜலஜா அதோடு நிற்கவில்லை, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். புரோகிராமில் பெயர் முடிந்த பெண்கள் யார் யார் என்று ஸ்டெல்லாவோடு உட்கார்ந்து யோசித்து, கரு கலைந்தவள், பிள்ளை தங்காதவள் என்று ஒவ்வொரு வீடாகப் போனாள். செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்காரும் நேரம் குறைந்தது. கால் வீக்கம் கூடியது. நான் முட்டுக்குக் கீழே கட்டும் எலாஸ்டிக் துணி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். உள்ளே புழுங்குகிறது என்று நாலே நாளில் கழற்றி எறிந்துவிட்டாள்.

ஆறாவது வாரம் வந்தது. பிரசவித்தவளைக் கடைசியாகச் சோதிப்பது அப்போதுதான். எல்லாம் சரியாக இருந்தால் அதோடு விடலாம். ஜலஜா என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் அடிக்காமல் இருந்தாள். என்ன என்று கேட்டேன். அவள் போனைக் காட்டினாள், அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. பிறகுதான் எனக்கும் உறைத்தது. தாய்க்கு ஆறு வாரம் என்றால் பிள்ளைக்கும் ஆறு வாரம். முதல் ஊசி நாள். எந்த மெசேஜ் அவளுக்குப் போகக்கூடாது என்று பெயரை முடித்தாளோ, அந்த ஊசி நாளுக்கே அவளைக் கூப்பிட வேண்டும்.

"வியாழக்கிழமை வரச் சொல்லவா சார்? அன்னிக்குப் புள்ளைங்க இருக்காது," என்றாள். சொல்லலாம் என்றேன். அப்புறம் அவளே வேண்டாம் என்றாள். இன்னொரு தடவை அந்தப் பெண்ணை நானாக ஒதுக்கி வைத்தால் அது என்ன நினைக்கும் என்றாள். கடைசியில் அடித்தாள். 'நாளை புதன். உனக்கு செக்கப். உனக்கு மட்டும்தான். நானே வீட்டுக்கு வந்து கூட்டிப் போகிறேன்.'

அன்றைக்கு மறுநிமிஷம் பதில் வரவில்லை. நான் குளிர்பெட்டியைப் பார்த்து, சூட்டைக் குறித்து, அலமாரியைப் பூட்டினேன். ஜலஜா செருப்பை மாட்டாமல் அப்படியே இருந்தாள். இருட்டுகிற நேரத்துக்குப் போன் சிணுங்கியது. படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

'நாளைக்கு என்ன நாள்னு எனக்குத் தெரியும் அக்கா. வாங்க, ரெடியா இருப்பேன்.'